ஃபேக் கடிகாரம், ஃபேக் சென்சார்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கயல்: வணக்கம். தண்ணீர் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நிரலைப் போர்டில் ஏற்றும் முன் கணினியிலேயே சோதிப்பது பற்றிக் கையேடு எழுதுகிறேன். யூனிட் டெஸ்டுக்கு 'அலகுச் சோதனை' இருக்கிறது. நாம் வைத்த நேரத்தை அப்படியே காட்டும் ஃபேக் கடிகாரத்துக்கு என்ன சொல்லலாம்? 'போலி' என்றால் போலிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வருகிறது.

செந்தில்: சர்க்யூட் சிமுலேட்டரைக் கேட்கிறீர்களா? 'பாவிப்பி' எனலாம். எங்கள் வீட்டுத் தொட்டிக்கு நான் எழுதியது கணினியில் எல்லாச் சோதனையிலும் தேறியது. மாட்டியதும் ரிலே படபடவென்று அடித்தது. தண்ணீர் அலம்பும்போது மிதவை சுவிட்ச் விட்டுவிட்டுத் தொடுகிறது.

நிரோஷா: 'பாவனைக் கடிகாரம்' என்று யாராவது சொல்லும் முன்: இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். 'பதிலி' எப்படி?

முத்து: பதிலி ஏற்கெனவே பிராக்ஸிக்குப் போய்விட்டது. முதலில் அந்தக் கடிகாரம் செய்கிற வேலையைப் பார்ப்போம். மோட்டார் நின்றபின் 5 நிமிடம் ஓய்வு வேண்டும் என்று வையுங்கள். போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும் `millis()` 32 பிட் எண், சுமார் 49.7 நாளில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும்.

```c
return now >= stopped + 300000;  // தவறு
return now - stopped >= 300000;  // சரி
```

மேசையில் போர்டை வைத்து அத்தனை நாள் யார் காத்திருப்பது? கடிகாரத்தை 4294967000இல் வைத்து மோட்டாரை நிறுத்துங்கள், ஒரு மில்லிசெகண்ட் நகர்த்துங்கள். முதல் வரியில் கூட்டுத்தொகை சுற்றிக்கொண்டு 299704 ஆகிவிடும். மோட்டார் ஓய்வே இல்லாமல் உடனே ஓடும். சோதனை அதைப் பிடித்துவிடும்.

ஆனால் இரண்டு மாறிகளையும் `unsigned long` என்று அறிவித்திருந்தால் பிடிக்காது. ஆர்டுயினோ ஊனோவில் அது 32 பிட், 64 பிட் லினக்ஸில் 64 பிட். கணினியில் எண் சுற்றாது, தவறான வரியும் தேறிவிடும். `uint32_t` என்றே எழுதுங்கள்.

ஆக இந்தக் கடிகாரம் ஏமாற்றவில்லை, சொல்லிக்கொடுத்தபடி நடிக்கிறது. என் பரிந்துரை: நடிப்புக் கடிகாரம், நடிப்பு உணரி.

செந்தில்: அப்படியானால் என் மிதவைக்கும் நடிப்பு உணரி போதுமா?

முத்து: போதும், ஆனால் அலம்பலையும் நீங்கள்தான் நடிக்கச் சொல்ல வேண்டும். 'தொட்டது, விட்டது, தொட்டது' என்று 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுத்து, ரிலே ஒருமுறைதான் மாறுகிறதா என்று பாருங்கள். உண்மையில் அலம்பல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத் தொட்டியில்தான் அளக்க முடியும்.

நிரோஷா: 'நடிப்பு' எங்களுக்கும் விளங்கும். ஆனால் சோதனையில் இப்படி நடிக்கிற இன்னொன்றான மாக் என்பதற்கு? அது தன்னை நிரல் எத்தனை முறை அழைத்தது என்றும் கணக்கு வைக்குமே.

கயல்: சரி, கையேட்டில் 'நடிப்பு' என்றே போடுகிறேன். மாக்குக்கு 'சாட்சி' என்று ஒன்று தோன்றுகிறது, எனக்கே முழுத் திருப்தி இல்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.