‘ஸ்கேப்’: சொறியா, பொருக்கா, பக்கா?

வளர்மதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆடு வளர்ப்போருக்கான சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். செம்மறி அம்மையும் வெள்ளாட்டு அம்மையும் பற்றிய பகுதியில் ‘ஸ்கேப்’ என்ற ஆங்கிலச் சொல் பதினோரு இடத்தில் வருகிறது. ஏழு இடத்தில் ‘சொறி’ என்று போட்டுவிட்டேன். எட்டாவது இடத்தில் நின்றுவிட்டேன். ‘சொறி விழுந்த பிறகும் ஆட்டைத் தனியாகவே வைத்திருக்கவும்’ என்று வருகிறது. சொறி எப்படி விழும்? வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

கணேசன் எழுதியது:

அம்மா, ‘பொருக்கு’ இருக்கிறதே. குளத்துச் சேறு காய்ந்து ஏடு ஏடாக எழும்புவதும் பொருக்குதான், புண் ஆறும்போது மேலே காய்ந்து நிற்பதும் பொருக்குதான். தட்டும், காயும், உதிரும் என்று வினைகளும் அதோடு இயல்பாகச் சேரும். ‘சொறி’யில் சொறிவது என்ற செயலே அடங்கியிருக்கிறது. அரிக்காத நோய்க்கு அதை வைப்பது பிழை.

இன்னொன்று. பொருக்கு உதிரும்போதுதான் அம்மை அடுத்தவருக்கு ஒட்டும் என்பார்கள் எங்கள் வீட்டில். அதனால் ‘பொருக்கைக் கண்டவுடன் ஆட்டைப் பிரிக்கவும்’ என்று தடித்த எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஷெரீப் எழுதியது:

வளர்மதி அக்கா, வேப்பெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவுங்கள். ஈ மொய்க்காது, புழு வைக்காது. பொருக்கை மட்டும் பிய்க்க வேண்டாம், அடியில் பச்சைப்புண் இருக்கும். நான் அனுபவப்பட்டவன். என்னிடம் 46 உருப்படி, அதில் ஆறு வெள்ளாடு. போன தை மாதம் சந்தையில் ஐந்து குட்டி வாங்கி வந்த அன்றே பட்டியில் விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் அதில் ஒன்று தீனி எடுக்காமல் படுத்துவிட்டது, மூக்கு ஒழுகியது. நாலு நாள் கழித்து வாலடியில் காய்ந்த வட்டம் வட்டமாகத் தெரிந்தது. மருந்துக் கடையில் சொன்னபோது, ‘சொறிதான், ஐவர்மெக்டின் போடு’ என்றார்கள். ஒரே ஊசியால் 46-க்கும் போட்டேன். அடுத்த இரண்டு வாரத்தில் பதினொன்றுக்கு வந்தது, நாலு குட்டி போச்சு.

செல்வராணி எழுதியது:

ஷெரீப் தம்பி, அக்கா கேட்டது மருந்தை இல்லை, சொல்லை. ஆனால் நீங்கள் சொன்னதில்தான் அந்தச் சொல்லுக்கான பதிலே இருக்கிறது. நான் கால்நடை மருத்துவர். இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘ஷீப் ஸ்கேப்’ என்பது உண்ணி போன்ற ஒரு நுண்பூச்சியால் வரும் சொறி. ஆடு கம்பத்தில் உரசும், மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. அதற்கு ஐவர்மெக்டின் வேலை செய்யும். ‘ஸ்கேபி மவுத்’ என்பது வாய்ப்புண் நோய். குட்டிகளின் உதட்டோரத்தில் பூக்கோசு போலத் திரண்டு காயும், நம் கையிலும் ஒட்டும். அம்மையில் வருவது மூன்றாவது. முதலில் கடும் காய்ச்சல், அப்புறம் மயிர் குறைந்த இடங்களில், அதாவது வாலடி, அக்குள், தொடையிடுக்கு, மடி, இமை ஆகிய இடங்களில், தனித்தனியாகத் தடிப்பு எழும். அதுதான் பிறகு காய்ந்து பொருக்காகிறது. தோளுக்கு முன்னால் தொட்டுப் பாருங்கள், நெறி கட்டியிருக்கும். அம்மைக்கு எந்தப் பூச்சி மருந்தும் கேட்காது. மூன்றையும் ‘சொறி’ என்று அச்சடித்தால், தம்பிக்கு நடந்ததுதான் படிக்கிறவர்களுக்கும் நடக்கும்.

கணேசன் ஐயா, ‘பொருக்கைக் கண்டவுடன்’ என்பது பிந்திய நேரம். தடிப்பு எழும் முதல் வாரத்தில்தான் நோய் வேகமாகப் பரவுகிறது. வாயிலும் மூக்கிலும் புண் உடைந்து, சளியிலும் எச்சிலிலும் கிருமி கொட்டும். பொருக்குக்குள்ளும் கிருமி ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது நோய் எதிர்ப்பொருளோடு பின்னிக் கிடப்பதால் பட்டியில் எவ்வளவு தொற்றுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. அதனால் பொருக்கை அலட்சியப்படுத்தவும் கூடாது. தோலிலும் மயிரிலும் காய்ந்த பொருக்கில் மூன்று மாதமும், வெயில் படாத கொட்டிலில் ஆறு மாதமும் கிருமி பிழைத்திருக்கும். வளர்மதியின் எட்டாவது இடம் அதைத்தான் சொல்கிறது. ஆடு குணமான பிறகும் 45 நாள் தனியே வைக்க வேண்டும்.

தம்பி, அந்த ஒரே ஊசி மருந்தோடு நோயையும் கொண்டுபோயிருக்கலாம். புதிதாக வாங்கியதை மூன்று வாரமாவது தனியே கட்டியிருந்தால் ஒன்பதாம் நாள் வெளிப்பட்ட நோய் அந்த ஐந்தோடு நின்றிருக்கும்.

ஷெரீப் எழுதியது:

டாக்டரம்மா, அப்புறம் வந்த டாக்டர் மீதி 35-க்கும் காலையில் காய்ச்சல் பார்த்தார். 104-க்கு மேல் இருந்த மூன்றை ஒதுக்கிவிட்டு மற்றதற்குத் தடுப்பூசி போட்டார். ஒவ்வொன்றுக்கும் புது ஊசி. ஆனாலும் ஊசி போட்ட ஏழாம் நாள் இரண்டுக்கு வந்துவிட்டது. ஊசிதான் கொண்டுவந்தது என்கிறார் என் மாமா.

செல்வராணி எழுதியது:

ஊசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். நோய் வெளிப்படவும் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டும் ஊசிக்கு முன்பே கிருமியை வாங்கியிருக்கும். காய்ச்சல் வராத அந்த நாட்களில் வெப்பமானி எதையும் காட்டாது.

தடுப்பூசியில் இருப்பது வலுக் குறைந்த உயிருள்ள கிருமி. பனிக்கட்டியில் கொண்டுவர வேண்டும், கலக்கியதை வெயிலில் வைக்காமல் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். மூன்று மாதக் குட்டியிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். செம்மறிக்கு ராணிப்பேட்டை வகை, வெள்ளாட்டுக்கு உத்தரகாசி வகை என்று இந்தியாவில் தனித்தனி ஊசிகள் உண்டு. உங்கள் ஆறு வெள்ளாட்டுக்கு எதைப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கணேசன் எழுதியது:

சரி, ‘கண்டவுடன்’ என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘பக்கு’ என்றும் ஒரு சொல் உண்டு. ‘பக்கு உதிருது’ என்று கிராமத்தில் கேட்டிருக்கிறேன். அது இன்னும் பேச்சுக்கு நெருக்கம்.

செல்வராணி எழுதியது:

எங்கள் பக்கத்தில் பொருக்குதான். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சரி, சொறியாக மட்டும் இருக்கக் கூடாது. எனக்குக் கவலை வேறு ஒன்று. கிடை போடும் கீதாரிகளிடம் ‘அம்மை’ என்று சொன்னதுமே, ‘அம்மா வந்திருக்கும்போது ஊசி குத்தலாமா’ என்கிறார்கள். தண்ணீர் ஊற்றி இறக்கிவிடலாம் என்று காத்திருக்கிறார்கள். நோயின் பெயரிலேயே அம்மையை எடுத்துவிட்டால் என்ன?

கணேசன் எழுதியது:

எடுத்தால் யாருக்குப் புரியும்? தட்டம்மைக்கு ஊசி போட்டுக்கொள்கிற ஊர்தானே இது. மாட்டுக்கு வந்த தோல் கழலையைக்கூடப் பெரியம்மை என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

செல்வராணி எழுதியது:

அந்த மாடுகளுக்கு வெள்ளாட்டு அம்மை ஊசியைத்தான் போட்டோம், ஐயா. செம்மறி அம்மை, வெள்ளாட்டு அம்மை, தோல் கழலை மூன்றும் ஒரே பேரினக் கிருமிகளால் வருபவை. மாட்டுக்காரர்கள் ஊசி போட உடனே விட்டார்கள், கீதாரிகள் விடவில்லை. பெயர் மட்டும் காரணமில்லையோ என்னவோ.

வளர்மதி எழுதியது:

இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்கிறேன். நோயில் வருவது ‘அம்மைப் பொருக்கு’, உதட்டில் வருவது ‘வாய்ப்பொருக்கு’, பூச்சியால் வருவது மட்டும் ‘சொறி’. ஏழு இடத்தையும் திருத்திவிட்டேன். நோயின் பெயர் அம்மை என்றே இருக்கட்டும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம். பொருக்குக்கு முந்தைய தடிப்பை ‘முத்து’ என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன். ஷெரீப், உங்கள் பக்கம் ஆட்டுக்கு முத்துப் போட்டிருக்கிறது என்பார்களா, மனிதருக்கு மட்டும்தானா?

ஷெரீப் எழுதியது:

ஆட்டுக்கும் சொல்வார்கள் அக்கா. ஆனால் வாலைத் தூக்கிப் பார்த்தால்தானே முத்துத் தெரியும். நான் தூக்கிப் பார்த்தது பதின்மூன்றாம் நாள்.