ஊர் வீட்டு வாடகை: கூட்டுக் குடும்பக் கணக்கில் காட்டலாமா?

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தேவகோட்டையில் எங்கள் தாத்தா வீட்டுக்கு ஆண்டு வாடகை 4,80,000 ரூபாய். இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பேரில் தனி பான் எடுத்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. 30 விழுக்காடு கழிவு போனால் 3,36,000. அதில் குடும்பப் பணத்தில் கட்டும் ஆயுள் காப்பீடு 90,000-ஐக் கழித்தால் 2,46,000. பழைய வரிமுறையில் 2,50,000 வரை வரியே இல்லை.

கணக்கு சரிதான், எனக்கு இடிப்பது சொத்துதான். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் இல்லாமல் காலமானார். 1956 வாரிசுச் சட்டப்படி வந்த பங்கு பிள்ளைகளின் தனிச்சொத்து என்று 1986-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே. இப்போது பங்கைப் பொதுவில் சேர்த்தாலும், 1961 வருமான வரிச் சட்டத்தின் 64(2) பிரிவின்படி வருமானம் கொடுத்தவர் கணக்கிலேயே ஏறும். அத்தைகளுக்கும் பங்குண்டு.

அப்படியானால் அவரவர் பங்கு வாடகையை அவரவர் பேரில் காட்டுவதுதானே முறை? இங்கிருந்தே அப்படித் தாக்கல் செய்தவர்கள் வழி சொல்லுங்கள், சித்தப்பாவிடம் காட்ட வேண்டும்.