வளருதியோ: வளர்வது யார், தூங்குவது யார்?

செந்தூல் சேகர்: மார்கழிக்குக் கோயிலில் கொடுக்கும் தாளில் திருவெம்பாவை முதல் பாட்டுக்கு நான்தான் உரை எழுதினேன். 'சோதியை யாம்பாடக் கேட்டேயும் வாள்தடங்கண் மாதே வளருதியோ' என்பதற்கு, 'பெண்ணே, நாங்கள் பாடியதைக் கேட்டு அந்தச் சோதி உனக்குள் வளருதோ?' என்று போட்டிருக்கிறேன். வளருது + ஓ. நாம் தினமும் பேசுகிற 'வளருது'தான். இதில் என்ன தப்பு?

பினாங்கு வாத்தியார்: வளருது என்பதோடு ஓ சேர்ந்தால் 'வளருதோ' என்றுதான் வரும், கடைசி உகரம் போய்விடும். பாட்டில் இருப்பது வளருதியோ. நடுவில் அந்த யகரம் எங்கிருந்து வந்தது? முன்னால் இகரம் இருப்பதால் வந்தது. சொல் 'வளருதி'. முன்னால் நிற்கிற ஒருத்தியைப் பார்த்துப் பேசும் வினை அது. வருதி, செல்லுதி என்பது போல. 'மாதே' என்று கூப்பிட்டுவிட்டு அவளிடம் கேட்காமல் சோதியைப் பற்றியா கேட்பார்கள்? வளர்தல் இங்கே கண்வளர்தல், தூங்குவது. மாணிக்கவாசகர் வாயில் உங்கள் பேச்சு மொழியைத் திணிக்காதீர்கள்.

செந்தூல் சேகர்: ஐயா, வளர்தல் என்றால் தூக்கம் என்று எந்தக் குழந்தையிடம் கேட்டாலும் சிரிக்கும். பினாங்கில் மட்டும் தமிழ் வேறு போல.

பிரிக்பீல்ட்ஸ் மீனா: தாலாட்டில் 'கண் வளராய்' என்று பாடுகிறோமே, அண்ணா. தூக்கம் என்பது சரிதான். ஆனால் வாத்தியார் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். இந்தத் 'தி' எதிர்காலத்துக்கு உரியது என்று பழைய உரைகாரர்கள் சொல்கிறார்கள். அதனால் 'தூங்குவாயோ' என்றுதான் எழுத வேண்டும். 'தூங்குகிறாயோ' தப்பு.

பினாங்கு வாத்தியார்: உரைகாரர் சொன்னது எனக்கும் தெரியும், மீனாம்மா. ஏழாம் பாட்டைத் திறந்து பாருங்கள். 'சொன்னோம்கேள் வெவ்வேறாய் இன்னம் துயிலுதியோ' என்று அதே ஈற்றோடு கேட்கிறார். இங்கே வினையே துயில். சேகருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. அடுத்த அடி 'வாளா கிடத்தியால்'. சும்மா கிடக்கிறாயே என்று பொருள். வெளியே நின்று கூப்பிடும்போது உள்ளே ஒருத்தி படுத்திருக்கிறாள். இப்போது நடப்பது அது. 'கிடப்பாய்' என்று எழுதினால் காட்சியே போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸ் மீனா: 'இன்னமும் தூங்குவாயோ' என்று நாம் இன்றைக்கும் திட்டுகிறோமே. அதுவும் இப்போது நடப்பதுதான். இலக்கணத்தையும் காப்பாற்றலாம், காட்சியையும் காப்பாற்றலாம்.

செந்தூல் சேகர்: ஏழாம் பாட்டில் துயில் என்று சொன்னவர் முதல் பாட்டில் வளர் என்று ஏன் சொன்னார்? வேறு பொருள் இருப்பதால்தானே? வளருது, வளருது, வளருது. ஆயிரம் தடவை சொல்வேன்.

பினாங்கு வாத்தியார்: மாதே, மாதேவன் என்று எதுகை ஓடுகிற பாட்டு. 'வளருதியோ வன்செவியோ' என்று வகரத்துக்கு வகரம் மோனை. 'துயிலுதியோ வன்செவியோ' என்று வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், எங்கே தட்டுகிறது என்று தெரியும். அதோடு அடுத்த கேள்வியையும் படியுங்கள். 'உன் காது என்ன செவிட்டுக் காதா?' என்கிறார். தூங்குகிறவளிடம் கேட்கிற கேள்வி அது. உள்ளத்தில் சோதி வளர்கிறவளிடம் யாராவது செவிடா என்று கேட்பார்களா?

பட்டர்வொர்த் ராஜன்: எங்கள் மகளுக்கு ரூமி எழுத்தில் அச்சடித்த தாளைத்தான் கொடுத்தார்கள். 'வளர் உதியோ' என்று பிரித்துப் பாடுகிறாள். உதி என்றால் உதயம்தானே? தாய்லாந்து அரண்மனையில்கூடத் திருவெம்பாவை ஓதினார்களாம், அங்கே எப்படிப் பிரித்தார்கள்?

பினாங்கு வாத்தியார்: ராஜன், அங்கே விழாவுக்குத் 'திரியம்பவாய்' என்ற பெயர் தங்கியிருக்கிறது. அது ஈற்றைப் பிரிக்க உதவாது. அந்த உகரம் வாய்க்கு எளிதாக வந்து நிற்கும் சாரியை. வளர், உ, தி. உதயமும் இல்லை, உதிரியும் இல்லை. மகளுக்குத் தமிழ் எழுத்தில் தாள் கொடுங்கள்.

பட்டர்வொர்த் ராஜன்: தமிழ்ப் பள்ளி எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை. அதைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம்.

செந்தூல் சேகர்: இவர் இப்படித்தான், ராஜன். போன வருடம் திருமுறை ஓதும் போட்டியில் கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்ததும் இவர்தான்.

பினாங்கு வாத்தியார்: 'கேட்டேயும்' என்பதைக் 'கேட்டாயும்' என்று ஓதினால் குறைக்காமல் என்ன செய்வது? கேட்ட பிறகும் என்பது ஒன்று, கேட்டாய் என்பது வேறு. சரி, தாளில் போட வேண்டியது இது: 'முதலும் முடிவும் இல்லாத அரிய பெரிய சோதியை நாங்கள் பாடுவதைக் கேட்டும், ஒளி பொருந்திய அகன்ற கண்ணுடையவளே, தூங்குகிறாயோ? உன் காது வன்காதோ?' அதற்குப் பிறகு வருவது இவளைப் பற்றி அல்ல. அதே வாழ்த்தொலியைத் தெருவில் கேட்டதுமே விம்மி, மெய்மறந்து, பூப்படுக்கையிலிருந்து புரண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தவள் வேறொருத்தி. 'ஆகாள்' என்பதற்கு 'உதவாதவள்' என்று எழுதியிருக்கிறீர்களே, சேகர். பக்தியில் தன்னை இழந்தவளை உதவாக்கரை ஆக்கிவிட்டீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மீனா: தூங்குவாயோ.

செந்தூல் சேகர்: ஆகாளைப் பற்றி யார் கேட்டது? ஐந்நூறு தாள் அச்சாகிவிட்டது. வளருதோ என்றுதான் இருக்கும்.

பினாங்கு வாத்தியார்: அந்த யகரத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.