ரிஃப்ராக்டரி பிரிக்: உருகாச்செங்கல்லா, தீச்செங்கல்லா?

பூங்குழலி:

எல்லோருக்கும் வணக்கம். விறகு எரித்துச் சூடாக்கும் மண் ஓவன் கட்டுவது பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே செங்கல் தரை, மேலே களிமண்ணும் மணலும் குழைத்த குவிமாடம். ரிஃப்ராக்டரி பிரிக் என்பதற்கு என்ன எழுதுவது என்ற இடத்தில் நிற்கிறேன். வரைவில் 'உருகாச்செங்கல்' என்று போட்டிருக்கிறேன், 'தீச்செங்கல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். மூட்டி மூட்டி ஆறவிடும் ஓவனுக்கு எந்தக் கல் தாங்கும் என்பதுதான் அந்த அத்தியாயமே, அதனால் பெயர் வாசகரைத் தவறான கல்லிடம் கொண்டுபோய்விடக் கூடாது.

இரவி:

உருகாச்செங்கல்லையே வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடே அதுதானே, சாதாரணச் செங்கல் அந்தச் சூட்டில் இளகிவிடும், இது 1,500 டிகிரியிலும் நிற்கும். தீச்செங்கல் என்றால் தீயில் சுட்ட செங்கல் என்றாகிவிடும், எந்தச் செங்கல்தான் தீயில் சுடாதது?

மாறன்:

இரவி, இந்தக் கல் 1,500 டிகிரியில் நிற்கும் என்பது சரி. ஆனால் ஓவனில் சாதாரணச் செங்கல் இளகாது. அது சூளையிலேயே 900, 1,000 டிகிரி பார்த்துவிட்டு வந்தது. விறகு ஓவனின் தரை நன்றாகக் காய்ந்தாலும் 400 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், தணல் நேராகக் கிடக்கும் இடம் மட்டும் 600-ஐத் தாண்டலாம். உருகுவதற்கு அங்கே வேலையே இல்லை.

கல் கெடுவது வேறு விதத்தில். தணல் பட்ட மேல்முகம் சீக்கிரம் சூடேறி விரிகிறது, கல்லின் அடிப்பாகம் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆறும்போது இதே இழுவை தலைகீழாக நடக்கிறது. இதில் இன்னொன்றும் சேர்கிறது: சாதாரணச் செங்கல்லில் மணலாகவே தங்கிவிட்ட குவார்ட்ஸ் நிறைய உண்டு, குவார்ட்ஸ் 573 டிகிரியைக் கடக்கும்போது சட்டென்று விரியும், திரும்பி இறங்கும்போது சட்டென்று சுருங்கும். ஒவ்வொரு தடவையும் மயிரிழை விரிசல்கள் கொஞ்சம் நீளும். ஒருநாள் மேல்தோல் செதிலாகக் கழன்று வரும்.

தீக்களிமண்ணில் செய்த கல்லில் ஏற்கெனவே சுட்டுப் பொடித்த மண்குருணையைக் கலந்திருப்பார்கள். ஓடிவரும் விரிசல் அந்தக் குருணைகளில் முட்டித் திசைமாறி நின்றுவிடும். அலுமினா கூடுதலாக இருப்பதாலும் உயர்ந்த சூட்டில் சுடுவதாலும் தனித்த குவார்ட்ஸும் குறைவு. அது ஓவனில் நீடிப்பது இதனால்தான்.

உருகாச்செங்கல் என்ற பெயரில் எனக்குள்ள பெரிய பயம் சிலிக்கா செங்கல். அது 1,600 டிகிரியிலும் உருகாது, பெயர் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அணையாமல் எரியும் கண்ணாடி உலைகளிலும் கோக் சூளைகளிலும்தான் அதற்கு வாழ்வு. 600-க்குக் கீழே வேகமாக ஏற்றி இறக்கினால் பிளந்துபோகும். உங்கள் கையேட்டை நம்பி ஒருவர் அதைக் கொண்டுபோய் ஓவன் தரையில் போட்டால்?

செந்தில்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் தீச்செங்கல் என்று கேட்டுத்தான் வாங்கினேன். வெள்ளையாக, கையில் எடுத்தால் கனமே இல்லாத கல். தரையில் பாவினேன். கரண்டி பட்டாலே குழி விழுகிறது, நகத்தால் கீறலாம். களிமண் பூசி இறுக்கிவிடலாமா?

மாறன்:

செந்தில், பூச்சு நிற்காது, பூச வேண்டாம். உங்களிடம் இருப்பது காற்றறை நிறைந்த கல், வேலை சூட்டை வெளியே விடாமல் தடுப்பது. சூட்டை வாங்கிச் சேர்த்துவைத்துத் திருப்பித் தருவதற்குக் கனமான கல் வேண்டும். உங்கள் கல்லை வீசவும் வேண்டாம். பெயர்த்தெடுத்து அடியில் ஒரு வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய மணல் மட்டம், அதற்குமேல் கனமான கல் என்று அடுக்குங்கள். மேல்வரிசைக்குச் சாந்தே வேண்டாம், கல்லோடு கல் ஒட்டினாற்போல் சும்மா வையுங்கள். விரிய இடம் இருக்கும், ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

பூங்குழலி, இதையும் பாருங்கள். இரண்டு கல்லுக்கும் ஒரே பெயர் இருந்ததால் வந்த வினை. 'கனத் தீச்செங்கல்', 'காப்புத் தீச்செங்கல்' என்று பிரித்தே எழுதுங்கள்.

கனகா:

மாறன் தம்பி, 'காப்பு' என்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டு அதையே தரைக்கு வாங்குவார்கள். 'மென்தீச்செங்கல்' என்றால் தொட்டதும் புரியும்.

அப்புறம், சாதாரணச் செங்கல்லை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். என் ஓவன் முழுக்க அதுதான், தரையும் குவிமாடமும். குவிமாடம் இன்றுவரை அப்படியே நிற்கிறது. தரையில் மட்டும், அதுவும் தணலைக் குவித்துவைக்கும் பக்கத்தில், மேல்தோல் கழன்று சாப்பாட்டில் மண் கடிபட ஆரம்பித்தது. அங்கே மட்டும் கனமான தீக்கல் மாற்றினேன். குவிமாடத்தில் கெட்டது கல் இல்லை, இடையில் வைத்த சிமென்ட் சாந்து, விரலால் தேய்த்தாலே பொடியாக வந்தது.

மாறன்:

அக்கா சொல்வது சரி. 400 டிகிரியைத் தாண்டினால் சிமென்ட் சாந்திலுள்ள சுண்ணாம்புச் சத்து நீரை இழக்கும், ஆறியதும் ஈரத்தை இழுத்து மறுபடி ஊதும், பிடிப்பு போய்விடும். களிமண்ணும் நுண்மணலும் குழைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வைத்தால் போதும்.

குவிமாடத்துக்குச் சாதாரணக் கல் போடுகிறவர்கள் துளையில்லாத, நன்றாக வெந்த கல்லாக எடுக்க வேண்டும். ஒரு கல்லைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போடுங்கள், சுண்ணாம்புக்கட்டி உள்ளே இருந்தால் ஊதி மேல்தோலைத் தள்ளிவிடும். இன்னொரு கல்லைத் தட்டிக் கேளுங்கள், கணீரென்று இருக்கும். அதைத் தணலில் புதைத்து, எடுத்து, ஆறவிட்டு மறுபடி தட்டுங்கள். இப்படியே சில முறை. ஒலி மந்தமானால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடிவிட்டது.

இரவி:

சரி, உருகாச்செங்கல்லை விட்டுவிடுகிறேன். சிலிக்கா கல் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் தீச்செங்கல்லுக்கு நான் சொன்ன குறை அப்படியேதான் இருக்கிறது. 'அனல்தாங்கிச் செங்கல்' என்றால்? தாங்குவது என்பதில் உருகாமல் இருப்பதும் அடங்கும், ஏறி இறங்கும் சூட்டைப் பொறுப்பதும் அடங்கும்.

மாறன்:

இரண்டும் அடங்குவதுதான் சிக்கல். உருகாமல் இருக்கும் தன்மைக்கு ஒரு சொல், மூட்டி ஆற்றினாலும் விரிசல் விடாமல் பிளக்காமல் இருக்கும் தன்மைக்கு வேறு சொல் வேண்டும். கல்லுக்குத் தீச்செங்கல் என்று பழகிய பெயரே இருக்கட்டும். தன்மைகளை 'உருகாத்திறன்', 'சூட்டேற்றிறக்கத் தாங்குதிறன்' என்று பிரிக்கலாம்.

கனகா:

இரண்டாவதைச் சொல்லி முடிப்பதற்குள் ஓவன் ஆறிவிடும், தம்பி. 'சூடாறு தாங்கல்' என்று சுருக்குங்கள். வெப்ப அதிர்ச்சி என்று பாடநூல் நடையில் எழுதினால் எல்லாம் ஒரே நொடியில் வெடிப்பது போலப் படுகிறது, என் தரை கொஞ்சம் கொஞ்சமாகத்தானே உதிர்ந்தது. அந்த உதிர்வுக்குச் 'செதிலுதிர்வு'.

பூங்குழலி:

தீச்செங்கல், மென்தீச்செங்கல், செதிலுதிர்வு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். 'சூடாறு' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஆறுவது மட்டும்தான் காதில் விழுகிறது, ஏறுவதைக் காணோம். அதனால் 'சூடேறாறு' என்று எழுதிப் பார்த்தேன், படிக்க நாக்கு இடறுகிறது. அது முடிவாகும்வரை கையேட்டில் 'சூடேறி ஆறுவதைத் தாங்கும் திறன்' என்று விரித்தே எழுதுகிறேன்.

இன்னொரு சந்தேகம், கனகா அக்கா. உங்கள் குவிமாடம் நிற்பது கல்லின் தரத்தாலா, அல்லது அடிக்கடி மூட்டுவதால் முழுக்க ஆறாமலே இருப்பதாலா? வாரம் ஒருமுறை மட்டும் மூட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த கல்லிலிருந்துதான் தொடக்கம். அவர்களுக்கும் சாதாரணக் கல் போதும் என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

கனகா:

நான் ஏறக்குறைய தினமும் மூட்டுகிறேன். மறுநாள் காலையில் கைவைத்தாலும் வெதுவெதுப்பு இருக்கும். வாரம் ஒருமுறை மூட்டுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.