முகவரி மாற்றக் கடிதம் கொடுத்த பின்னும் கார்டு பழைய வீட்டுக்கே போகிறது: கடிதத்தில் என்ன குறை?

சூரமங்கலம் புதுவாசி:

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு ஏப்ரல் மாதம் சூரமங்கலத்தில் வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். வங்கியில் எனக்கும் என் கணவருக்கும் கூட்டுச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. அதே வங்கியின் கிரெடிட் கார்டு ஒன்றும் என் பெயரில் உண்டு.

மே மாதத் தொடக்கத்தில் கிளைக்குச் சென்று, "நாங்கள் வீடு மாறிவிட்டதால் மேற்படி கணக்கின் முகவரியைப் புதிய முகவரிக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, நான் மட்டும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தேன். வாடகை ஒப்பந்தத்தின் நகலை இணைத்திருந்தேன். பத்து நாள் கழித்துப் பாஸ்புக்கைப் பதிந்தபோது முதல் பக்கத்தில் சூரமங்கலம் என்று வந்தது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் போன வாரம் என் கணவரின் புதிய டெபிட் கார்டு அம்மாபேட்டைக்குப் போய், "குடிபெயர்ந்துவிட்டார்" என்ற குறிப்புடன் திரும்பிவிட்டது. கிரெடிட் கார்டு பில்லும் அங்கேதான் போகிறது என்று பழைய பக்கத்து வீட்டு அக்கா தொலைபேசியில் சொன்னார். கடிதத்தை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

குகைக்காரர்:

ஆதாரில் முகவரியை மாற்றிவிடுங்கள், அம்மா. கணக்கோடு ஆதார் இணைந்திருப்பதால் வங்கியில் தானாகவே மாறிவிடும். கடிதமே தேவையில்லை.

ஏற்காடு எஸ்டேட்:

நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி வந்தபோது கணக்கையே அஸ்தம்பட்டிக் கிளைக்கு மாற்றிக்கொண்டேன். கணக்கு எண் மாறவில்லை, ஐ.எஃப்.எஸ்.சி. மட்டும் மாறியது, பழைய செக் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நீங்களும் அப்படிச் செய்யலாமே?

முன்னாள் கவுன்ட்டர் எழுத்தர்:

ஏற்காட்டு நண்பர் சொல்வது கிளை மாற்றம். இந்த அம்மையார் அதே கிளையிலேயே இருக்கலாம், முகவரி மட்டும் மாறினால் போதும்.

குகைக்காரர் சொல்வதில் பாதி சரி. ஆதாரில் புதிய முகவரி இருந்தால் அதைவிட எளிய சான்று கிடையாது. ஆனால் அங்கே மாற்றியதால் மட்டும் வங்கிப் பதிவு மாறிவிடாது. வாடிக்கையாளர் வங்கியிடம் தெரிவித்தால்தான் மாறும்.

அம்மா, முகவரி என்பது கணக்கு எண்ணோடு ஒட்டியிருப்பதில்லை. ஆளுக்கு ஆள் தரப்படும் வாடிக்கையாளர் எண்ணில்தான், அதாவது சி.ஐ.எஃப். எண்ணில்தான் இருக்கிறது. கூட்டுக் கணக்கில் இருவருக்கும் தனித்தனி எண்கள் உண்டு. உங்கள் கடிதத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் இருந்ததால் எழுத்தர் உங்கள் எண்ணில் மட்டும் மாற்றியிருப்பார். பாஸ்புக்கின் முதல் பக்கம் முதல் பெயருக்குரியவரின் முகவரியைக் காட்டுவதால் எல்லாம் மாறிவிட்டது போலத் தோன்றியது. கணவரின் கார்டோ அவருடைய எண்ணில் இருந்த அம்மாபேட்டை முகவரியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. கிரெடிட் கார்டு பல வங்கிகளில் வேறு கணினி அமைப்பில், சிலவற்றில் வேறு நிறுவனத்தின் கீழேயே, இயங்குகிறது. கிளையில் மாற்றியது அங்கே எட்டாமல் போவது வழக்கம்தான்.

உங்களிடம் ஒரு கேள்வி. பாஸ்புக்கில் சூரமங்கலம் என்பதற்குப் பக்கத்தில் என்ன பின்கோடு அச்சாகியிருக்கிறது?

சூரமங்கலம் புதுவாசி:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஐயா. கதவு எண், தெரு, சூரமங்கலம் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் 636003 என்றே இருக்கிறது. அது அம்மாபேட்டையின் எண். நான் கடிதத்தில் பின்கோடே எழுதவில்லை என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

முன்னாள் கவுன்ட்டர் எழுத்தர்:

அப்படியானால் உங்கள் பதிவும் அரைகுறைதான். தபால் பின்கோட்டை வைத்தே பிரிக்கப்படுவதால், உங்கள் பெயருக்கு வரும் கடிதமும் முதலில் அம்மாபேட்டைக்குத்தான் போகும். ஒரே ஊருக்குள் வீடு மாறுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது; ஊர்ப் பெயர் மாறாததால் பின்கோடு மாறியது யார் கண்ணிலும் படுவதில்லை.

புதிய கடிதம் இப்படி இருக்கட்டும்:

"பொருள்: குடியிருப்பு முகவரி மாற்றம். எங்கள் கூட்டுச் சேமிப்புக் கணக்கு எண் ……. முதல் கணக்குதாரரின் வாடிக்கையாளர் எண் ……, இரண்டாம் கணக்குதாரரின் வாடிக்கையாளர் எண் ……. பதிவில் உள்ள பழைய முகவரி: ……, அம்மாபேட்டை, சேலம் 636003. ஏப்ரல் …… தேதி முதல் நாங்கள் இருவரும் குடியிருக்கும் முகவரி: ……, சூரமங்கலம், சேலம் 636005. இரு வாடிக்கையாளர் எண்களிலும், ……, …… என்று முடியும் டெபிட் கார்டுகளுக்கும், …… என்று முடியும் கிரெடிட் கார்டுக்கும் இந்த முகவரியைப் பதியுமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கைப்பேசி எண்களில் மாற்றம் இல்லை. திரும்பி வந்த டெபிட் கார்டுக்கு மாற்றாக, முகவரி பதிவான பின்னரே புதிய கார்டு அனுப்புமாறு வேண்டுகிறோம்."

இருவரும் கையெழுத்திடுங்கள். கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் போதும். முழு எண்ணையோ பின்பக்க மூன்று இலக்கத்தையோ எழுதவே வேண்டாம். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் மாற்றுக் கார்டும் பழைய வாசலுக்கே போய் நிற்கும். கிரெடிட் கார்டுக்கு இதே கடிதத்தின் இன்னொரு பிரதியைக் கார்டுப் பிரிவுக்கும் அனுப்பிவிடுங்கள். மூலப்பிரதியைக் கொடுத்துவிட்டு, நகலில் தேதியோடு கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். போன முறை வாங்கினீர்களா?

சூரமங்கலம் புதுவாசி:

இல்லை, ஐயா. மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று இருவரும் சேர்ந்து போனோம். முத்திரை வாங்கிவிட்டேன். ஆனால் வாடகை ஒப்பந்தம் இந்த முறை செல்லாது என்கிறார்கள். மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?

முன்னாள் கவுன்ட்டர் எழுத்தர்:

ரிசர்வ் வங்கி ஏற்கும் சான்றுகளில் வாடகை ஒப்பந்தம் இல்லை, அதனால் அவர் மறுத்ததைக் குறை சொல்ல முடியாது. போன முறை வாங்கியவர்தான் தாராளமாக இருந்திருக்கிறார். ஆனால் முகவரி மட்டும் மாறியிருந்தால் வாடிக்கையாளரின் சுய அறிவிப்பே போதும் என்றும், அதை வங்கி இரண்டு மாதத்துக்குள் அந்த முகவரிக்குக் கடிதம் அனுப்பியோ ஆள் அனுப்பியோ உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. மேலாளரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். சரிபார்ப்புக் கடிதம் வரும் நாட்களில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும், வாசலில் கதவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும். இங்கே தடுமாறினால் மாற்றம் நிலைக்காது.

உங்களில் யாருக்காவது போஸ்ட்பெய்டு கைப்பேசி பில் புதிய முகவரிக்கு, இரண்டு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் அவருக்கு அது தற்காலிகச் சான்றாகும். ஆனால் அதைக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் ஆதார் போன்ற ஆவணத்தைப் புதிய முகவரியுடன் காட்ட வேண்டும்.

குகைக்காரர்:

நான் சொன்ன ஆதார் கடைசியில் வந்துவிட்டது பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தால் ஆதாருக்கு அதுவே சான்றாகும்.

சூரமங்கலம் புதுவாசி:

எங்களுடையது இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதியது, பதிவு செய்யவில்லை. கணவருக்குப் போஸ்ட்பெய்டு பில் இருந்ததால் அவருடைய எண்ணில் முகவரி நேற்று மாறிவிட்டது, பின்கோடும் சரியாக இருக்கிறது. எனக்குச் சுய அறிவிப்பை மேலாளர் வாங்கி வைத்திருக்கிறார், சரிபார்ப்புக் கடிதம் இன்னும் வரவில்லை. கிரெடிட் கார்டுப் பிரிவிலிருந்து பதிலே இல்லை. இந்த மாத பில் 18 ஆம் தேதி உருவாகும். அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.