ரீகாஸ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி:
வணக்கம். டொராண்டோவில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஆசிரியர் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். போன வாரம் ஒரு பையன் "நேத்து நாய் வந்தான்" என்றான். "அப்படியா, நாய் வந்துச்சா?" என்றேன். "ஆமா, பெரிய நாய்!" என்று கதையைத் தொடர்ந்தான். பிழையைச் சுட்டாமல், பேச்சோடு பேச்சாகச் சரியானதைத் திருப்பிச் சொல்கிறோமே, அதுதான் ரீகாஸ்ட். 'மறுவார்ப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

மாணிக்கம்:
வார்ப்படத் தொழிலில் 30 வருஷம் இருந்தவன் நான். மறுவார்ப்பு என்றால் பழையதை உருக்கி மறுபடி ஊற்றுவது. இங்கே எதுவும் உருகவில்லையே அம்மா. 'திருத்தம்' போதாதா?

ராதா:
போதாது ஐயா. "வந்தான் தப்பு, வந்துச்சுன்னு சொல்லு" என்பதும் திருத்தம்தான். "நேத்து நாய்..." என்று நிறுத்தி அவனையே முடிக்க வைப்பதும் அந்த வகைதான். லிஸ்டர், ராண்டா என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவில், பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் வகுப்புகளைப் பதிவு செய்து 1997இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் தந்த திருத்தங்களில் 55% ரீகாஸ்ட். ஆனால் அவற்றில் 31%க்குத்தான் பிள்ளைகள் ஏதாவது எதிர்வினை காட்டினார்கள். பாதியில் நிறுத்திக் கேட்டபோதோ ஒவ்வொரு முறையும் காட்டினார்கள். காரணம் செல்வியின் வகுப்பிலேயே இருக்கிறது. பிள்ளை சரியாகச் சொன்னாலும் நாம் "அப்படியா, வந்துச்சா?" என்றுதானே கேட்கிறோம்? எது திருத்தம், எது வெறும் ஆர்வம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் 'உள்ளுறைத் திருத்தம்' என்று வைக்கலாம்.

பாலா:
அப்படியானால் ரீகாஸ்டே வீண். கையேட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

ராதா:
அவசரப்படாதீர்கள். எதிர்வினை வரவில்லை என்றால் எதுவும் படியவில்லை என்று ஆகாது. உடனே திருப்பிச் சொல்வதும் கற்றலுக்குச் சான்றல்ல. அதோடு, பிழை எந்த வகை என்பதும் முக்கியம். மேக்கி, காஸ், மெக்டனோ மூவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கற்பவர்களுக்கு அவர்களுடைய உரையாடலின் வீடியோவையே போட்டுக் காட்டி, "அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டார்கள். உச்சரிப்பையும் சொல்லையும் திருத்தியதைப் பெரும்பாலும் கவனித்திருந்தார்கள். விகுதி, சொற்றொடர் அமைப்பு போன்றவற்றைத் திருத்தியதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

செல்வி:
உண்மைதான்! "பளம்" என்றவளிடம் "பழமா வேணும்?" என்றேன், உடனே நாக்கை மடித்துப் பார்த்தாள். நாய்க்கதைப் பையனுக்கு 'வந்துச்சு' காதில் ஏறவே இல்லை. ஆனால் அந்தப் 'பழம்' அவளுக்கு உள்ளுறையாக இல்லையே? நான் 'துச்சா'வை அழுத்திச் சொல்லியிருந்தால் அவனுக்கும் வெளிப்படையாகியிருக்கும். பிள்ளை கவனிக்கிறதா என்பதைச் சொல்லுக்குள் வைக்காமல், ஆசிரியர் செய்வதை மட்டும் சொன்னால் என்ன? 'திருத்தி மறுமொழிதல்' எப்படி?

மாணிக்கம்:
இது எனக்கே புரிகிறது. என் பேத்தியிடம் தினமும் செய்வதுதான்.

ராதா:
நீளம்தான் இடிக்கிறது. 'திருத்துமொழி' என்று சுருக்கலாமா? ஆனால் அதில் நேரடியாகத் திருத்துவதும் அடங்கிவிடும். இப்போதைக்குக் கையேட்டில் உங்கள் சொல்லையே போட்டு, பக்கத்தில் நாய்க்கதையையும் எழுதுங்கள். உள்ளுறையை நான் இன்னும் விடவில்லை.