காஸ் துணைத்தேற்றத்தில் ‘குணகங்களுக்குப் பொதுக் காரணி 1 மட்டுமே’ என்ற நிபந்தனை எங்கே பயன்படுகிறது?

வெள்ளவத்தையில் ஒரு தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். நிறைவெண்களில் காரணிப்படாத பல்லுறுப்பி பின்னங்களை அனுமதித்தாலும் ஏன் உடையாது?

2x²+3x+1 = (x+1/2)(2x+2). இரண்டால் பெருக்கினால் வலப்பக்கம் (2x+1)(2x+2). அந்த 2ஐ இரண்டாவது காரணியில் வெட்டினால் (2x+1)(x+1). சரி. ஆனால் 6 என்றால் (2x+2)(3x+3)இல் எதையும் முழுதாக வகுக்காது. அதனால்தான் முதன்மை எண் p ஒவ்வொன்றாக வெட்டுகிறோம்.

p இரண்டு காரணிகளில் எதையும் முழுதாக வகுக்காவிட்டால், ஒவ்வொன்றிலும் p வகுக்காத மிகத் தாழ்ந்த படியின் குணகங்களை a_i, b_j என்க. பெருக்கத்தில் x^(i+j)இன் குணகத்தில் a_i·b_j தவிர மற்றவை p ஆல் வகுபடும்; ஆனால் பெருக்கத்தின் எல்லாக் குணகங்களும் p ஆல் வகுபட வேண்டும், முரண்.

இதில் ‘குணகங்களுக்குப் பொதுக் காரணி 1 மட்டுமே’ என்பது வரவே இல்லையே? 2x+2 = 2(x+1) போன்றவற்றை நிறைவெண்களில் காரணிப்படுவதாக எண்ணுவதால், அது தானாகவே அமைந்துவிடுகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.